பத்துப் பேர் வெற்றிலை எடுத்தார்கள்

அக்காவின் கருமாதி முடிந்த மறுவாரம் நான் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் அவளுடைய இறப்புச் சான்றிதழ், பேளுக்குறிச்சி வீட்டின் பத்திரம், வரி ரசீது, எங்கள் அம்மாவின் ஆதார் அட்டை, என்னுடையது. பட்டாவை என் பெயருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் வேலையில் முப்பது வருடம் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்கு எழுதியவள் நான். அலுவலகம், விண்ணப்பம், கையெழுத்து எதற்கும் பயந்தவள் இல்லை.

அந்த அலுவலர் வயதில் சின்னவர், மரியாதையான பிள்ளை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். இறந்தவருக்குக் கணவர் உண்டா என்று கேட்டார். அவர் போய் நாற்பது வருடம் ஆகிறது என்றேன். பிள்ளைகள் என்றார். இல்லை என்றேன். உயில் ஏதாவது எழுதி வைத்தார்களா என்றார். அதற்கும் இல்லை என்றேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார்.

"இது எங்க கையில இல்லீங்க. கணவனும் பிள்ளையும் இல்லாதவங்களுக்கு வாரிசு யாருன்னு நாங்க சொல்ல முடியாது. ஒரு வக்கீலைப் பாத்துட்டு வந்துருங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாரிசு யாரென்று தெரியாதாமே. அவளைப் பெற்றவள் அந்த வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். கூடப் பிறந்தவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். இதில் தெரியாததற்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தொரு வயதில் முள்ளுக்குறிச்சியில் கட்டிக் கொடுத்தார்கள். பதினோரு மாதம்தான் வாழ்ந்தாள். மாப்பிள்ளை காய்ச்சலில் போனார். அவர் காரியம் முடிந்த மூன்றாம் நாள் மாமியார் ஊட்டுக்காரர்கள் அவளை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். நகை அவர்களிடமே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இவளும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை.

அப்பா அப்போதே இல்லை. அக்கா நர்ஸ் படிப்புக்குப் போனாள். கொல்லிமலையில் வேலை கிடைத்தது. மலையில் பைல் நாடு என்ற பகுதியில் ஒரு துணை சுகாதார நிலையம், பின்பக்கம் ஓர் அறை. ரெண்டு வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஓய்வு பெறும் வரைக்கும் அவள் இறங்கவில்லை. மாதம் இரண்டு தரம் எழுபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி பஸ்ஸில் வருவாள். வாந்தி எடுக்காமல் வந்த ஒரே ஆள் தானென்று பெருமை வேறு. பையில் மிளகும் மலைப்பழமும் இருக்கும். பிரசவம் பார்த்த கதைகள் இருக்கும். என்னைக் கட்டிக் கொடுத்த இடத்தில் வாழாமல் நான் திரும்பி வந்தபோது, ஊரே என்னை ஒரு மாதிரி பார்த்தபோது, ஏனென்று கேட்காத ஒரே ஆள் அவள்தான். "வந்துட்டயில்ல கண்ணு, சோறு தின்னு" என்றாள்.

அந்தச் சம்பளத்தில்தான் பேளுக்குறிச்சியில் இடம் வாங்கினாள். கடன் போட்டுக் கட்டினாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு முருங்கை. சனிக்கிழமைச் சந்தைச் சத்தம் வாசல் வரை கேட்கும். அம்மாவையும் என்னையும் அதில் குடிவைத்துவிட்டு அவள் மலைக்குப் போய்விட்டாள். சொந்த வீட்டில் அவள் சேர்ந்தாற்போலத் தங்கியது கடைசி நாலு வருடம்தான்.

ராசிபுரத்தில் ஒரு பெண் வக்கீல் இருந்தார். பத்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அதில் அக்காவின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற இன்னாருடைய மனைவி என்று இருந்தது. பத்திரம் எழுதுகிறவர் கேட்டிருப்பார், இவளும் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள். பதினோரு மாதப் புருஷன் பத்திரத்தில் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் வில்லங்கமா என்று கேட்டேன். அப்பா பெயர் போட்டிருந்தாலும் இதேதான் என்றார் வக்கீல்.

மாமனார் மாமியார் இருக்கிறார்களா என்று கேட்டார். போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கணவருடன் பிறந்தவர்கள்? ஒரே ஒரு தம்பி. கல்யாணத்தின்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்.

"அப்படின்னா ஊடு அவருக்குத்தாங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். உண்மையாகவே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். உயில் எழுதாமல் ஓர் இந்துப் பெண் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவனும். அவர்கள் இல்லையென்றால் கணவனுடைய வாரிசுகள். அவர்களிலும் யாரும் இல்லை என்றால்தான் பெற்ற தாயும் தகப்பனும். அதற்கும் பின்னால்தான் கூடப் பிறந்தவர்கள். வீடு எங்கள் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ அவளுக்கு வந்த சொத்தாக இருந்தால், பிள்ளை இல்லாதபோது அது எங்கள் அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பியிருக்கும். அவள் தானே சம்பாதித்தது என்பதால் அந்தப் பக்கம் போகிறது.

இதை நான் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அதையே சொன்னார். அப்பன் கொடுத்திருந்தால் எங்களுடையது. ராத்திரி பகலென்று பாராமல் மலையேறி இறங்கி அவளே சம்பாதித்ததால், அவளைப் பெட்டியோடு கொண்டுவந்து விட்ட வீட்டுக்கு. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் முன்னால் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. வக்கீல் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன்.

பிறகுதான் நினைவு வந்தவளாக, அக்கா எனக்குக் கொடுத்துவிட்டாளே, பத்துப் பேர் முன்னால் சொன்னாளே என்றேன்.

அது அவள் ஓய்வு பெறுகிற வருடம் நடந்தது. மலையில் தினை அறுப்பு முடிந்திருந்தது. அவள் வேலை பார்த்த ஊரின் அம்மன் கோயிலுக்கு என்னையும் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தாள். போனால் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முதற்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மலைக்காரர்கள் வழக்கம் அவளுக்கு அத்துப்படி. ஒருவர் தன் காட்டை எந்தப் பிள்ளைக்கு எதுவரை என்று கோயில் முன்னால் சொல்வார். கேட்டவர்கள் தட்டிலிருந்து ஆளுக்கொரு வெற்றிலை எடுத்துக்கொள்வார்கள். வெற்றிலை எடுத்தவர் சாட்சி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு மாறாது. முப்பது வருடத்தில் அப்படிச் சொன்ன ஒரு சொல்கூடப் பிசகி அவள் பார்த்ததில்லை. அங்கே பிறந்த பாதிப் பிள்ளைகளைத் தன் கையால் வாங்கியவள். அவர்கள் அவளையும் ஊர்க்காரி என்றே வைத்திருந்தார்கள். அதனால் அவளும் அப்படியே செய்தாள்.

"எனக்குப் பின்னால பேளுக்குறிச்சி ஊடு எந் தங்கச்சிக்கு. எங்கம்மா இருக்கற மட்டும் அங்கதான் இருக்கும். எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள்.

பத்துப் பேர் வெற்றிலை எடுத்தார்கள். நான் எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் தட்டுகளை எண்ணி எண்ணி எதையும் எண்ணுகிற பழக்கம். அம்மா அழுதாள். ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்து, கேட்டுக்கொண்டோம் அம்மணி, இனி கவலை வேண்டாம் என்றார். நான் கவலையே படவில்லையே என்று நினைத்தேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் வக்கீல் பத்திரத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். மலையில் இருக்கிற பழங்குடி மக்களுக்கு இந்த வாரிசுச் சட்டம் அப்படியே பொருந்தாது, அவர்களுக்குள் வழக்கம்தான் பேசும் என்றார். நாங்கள் அவர்கள் இல்லை. வீடும் அடிவாரத்தில் இருக்கிறது. எங்களுக்கு வாய்ச்சொல் உயில் ஆகாது. வாயால் கொடுத்த வீடு தானமும் ஆகாது, அதற்குப் பதிவு வேண்டும். வெற்றிலை எடுத்த பத்துப் பேரும் வந்து கோர்ட்டில் நின்றாலும் பயனில்லை.

அப்படியானால் உயிலுக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் போயிருக்க வேண்டுமா, முத்திரைத் தாள் வாங்கியிருக்க வேண்டுமா என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஒண்ணும் வேண்டாங்க. ஒரு வெள்ளைத் தாள் போதும். பதிவுகூடக் கட்டாயமில்ல. அவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைப் பாத்தவங்க ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சுது."

ரெண்டு பேர். அங்கே பத்துப் பேர் இருந்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அதை நான் இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை. கோயிலிலிருந்து இறங்கிய அன்று, இதே மாதிரி பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்கா திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்கண்ணு, இது போதுமா? ஒரு தாள்லயும் எழுதி வெச்சுரலாமா?"

நான்தான் போதும் என்றேன். என்னத்துக்குக்கா அதெல்லாம், நீ நூறு வருசம் இருப்பே என்றேன். அவள் சாவைப் பற்றிப் பேசுவது பிடிக்கவில்லை என்பது ஒன்று. இன்னொன்றும் உண்டு. சரி எழுது என்று சொன்னால் வீட்டுக்கு வாய் பிளந்துகொண்டு காத்திருக்கிறேன் என்று நினைத்துவிடுவாளோ என்று கூச்சமாக இருந்தது. அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓய்வு பெற்று வந்து, நாலு வருடம் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு காலை நேரம் காபி ஆற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா புருஷனின் தம்பியை நானே தேடிப் போனேன். ஊரில் சிலர், அவனுக்குத் தெரியாமலே கமுக்கமாகக் காலத்தை ஓட்டிவிடு என்றார்கள். எத்தனை நாளைக்கு? எனக்கு ஒளித்து வைத்து வாழத் தெரியாது. தவிரவும், நல்ல மனிதராக இருந்தால் விட்டுக்கொடுத்து எழுதித் தரலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த நப்பாசையும் இருந்தது.

முள்ளுக்குறிச்சியில் அந்த வீடு இடிந்து பாதிதான் நின்றது. அந்தப் பையனுக்குத் தலை நரைத்திருந்தது. மரவள்ளிக் கிழங்கு மில்லில் மூட்டை தூக்கி முதுகு வளைந்திருந்தது. மனைவி, கல்யாண வயதில் இரண்டு பெண்கள். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார். அண்ணி செத்துப்போன சேதியே அவருக்கு அப்போதுதான் தெரியும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பள்ளிக்கூடம் போகும்போது தலைவாரி விட்டது அண்ணிதானாம். பெட்டியோடு அனுப்பிய அன்று வண்டிக்குப் பின்னால் ஓடினாராம், அப்பா அடித்து இழுத்துக்கொண்டு வந்தாராம். நான் அவரைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் வீணாகப் போயின.

வீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர் மனைவி மட்டும் அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

பத்து நாள் கழித்து அவரே பேளுக்குறிச்சிக்கு வந்தார். அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"ஏனுங்க, வேண்டாம்னு சொல்லத்தான் நெனைச்சேன். ஊட்ல ரெண்டு புள்ளைங்க நிக்குது. நான் வேண்டாம்னு சொன்னா அதுகளுக்கு இல்லைன்னு சொன்ன மாதிரி ஆயிப்போவுது. என்னால விட முடியலீங்க. ஆனா அத்தை இருக்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் நான் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். எழுதிக் கொடுங்க தம்பி என்றேன். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு அடிபட்ட பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு பேனாவை எடுத்து எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அந்தத் தாளை நான் ஒருநாளும் எடுத்துக் காட்ட வேண்டி வரவில்லை. சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். பொங்கலுக்கு அம்மாவுக்குச் சேலை எடுத்து வந்து கொடுத்துவிட்டுப் போவார்.

கோர்ட்டில் அவர்தான் வாரிசு என்று வந்தது. ஆட்சேபணை இல்லை என்று நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டோம். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அம்மா கேட்டாள். அக்கா காகிதம் என்றேன். பெரியவள் காகிதம் என்றால் அவளுக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது. வங்கியில் அக்கா என்னைத்தான் நாமினியாகப் போட்டிருந்தாள், பணம் என் கைக்கு வந்தது. நாமினி என்றால் வாங்கி வைக்கிற ஆள்தான், சொந்தக்காரர் இல்லை என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதையும் தம்பியிடம் சொன்னேன். அது அத்தை மருந்துக்கு இருக்கட்டும், அதைக் கேட்டு வந்தால் நான் மனுசனே இல்லை என்றார்.

அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தாள். வீடு கைமாறிய விஷயம் கடைசி வரை அவளுக்குத் தெரியாது. முருங்கையில் பூச்சி விழுந்தபோது, பெரியவள் வரட்டும், மருந்தடிக்கச் சொல்லலாம் என்பாள். சில நாள் அவள் செத்தது நினைவிருக்கும். சில நாள் மலை பஸ் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பாள். போன மாசிமாதம் அந்த வீட்டிலேயே, அவள் கட்டிலிலேயே போனாள். அக்கா கோயில் முன்னால் சொன்னதில் பாதி நடந்தது.

காரியம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்தேன். தம்பி அவசரமில்லை என்று நாலு தரம் சொல்லி அனுப்பினார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அக்காவின் அலமாரியில் அவளுடைய நீள நோட்டுகள் ஒரு கட்டு இருந்தன. அலுவலகப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன்னால் இதில்தான் கிறுக்கிக்கொள்வாள். எந்தப் பிள்ளை எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்குப் பிறந்தது என்பது வரை இருக்கும். பிறப்பையும் இறப்பையும் பதியாமல் விடக்கூடாது என்று அந்த மலையில் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டவள் அவள். எத்தனையோ குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள்.

கோயிலுக்குப் போன நாளின் பக்கத்தைத் தேடினேன். ஏன் தேடினேன் என்று தெரியவில்லை. இருந்தது. மறந்தே போயிருந்தேன், அன்று எல்லோரும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்களே என்று, வெற்றிலை எடுத்து முடித்த கையோடு அவள் பையிலிருந்து தராசை எடுத்து மரக்கிளையில் மாட்டிப் பிள்ளைகளை எடை போட்டாள். பதினான்கு பிள்ளைகள். பெயர், தகப்பன் பெயர், எடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே தாய்மாரின் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியிருந்தாள். பட்டியல் முடிந்த இடத்தில் தன் கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தாள்.

அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. உயிலுக்கு ஒரு வெள்ளைத் தாள் போதும் என்று வக்கீல் சொல்லியிருந்தார், இந்தப் பாதிப் பக்கமே போதுமாக இருந்திருக்கும். அன்று பஸ்ஸில் நானும் போதும் என்றுதான் சொல்லியிருந்தேன்.

நோட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன். சாவியை வாங்கிக்கொள்ள வாசலில் தம்பி நின்றிருந்தார்.